யூசி கணக்கு பேங்க் பாஸ்புக்கோடு ஒத்துப்போகலையா?

மத்திய அரசு மானியத் திட்டம் முடிந்து ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் யூசி எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் தயாரிக்கிறீர்கள் என்றால், முதலில் தீராத முன்பணத்தைத் தேடுங்கள், பெரும்பாலும் வித்தியாசம் அங்கேதான் இருக்கும்.

உதாரணமாக, வந்தது 10,00,000, வட்டி 18,400, கணக்கிலிருந்து போனது 9,40,000. அதில் 25,000 களப்பணிக்குக் கொடுத்த முன்பணம், பில் இன்னும் வரவில்லை. அப்போது செலவு 9,15,000 மட்டுமே. மீதி மானியம் 85,000, வட்டியோடு 1,03,400. பாஸ்புக்கில் 78,400தான் இருக்கும், அந்த 25,000 சேர்த்தால் சரியாகிவிடும். பில்லையோ பணத்தையோ வாங்காமல் ஆடிட்டரிடம் போகாதீர்கள்.

அப்புறம், வட்டியைச் செலவில் கழித்துக் காட்டாதீர்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். 2017 பொது நிதி விதிகளின்படி அதை அரசுக்குத் திருப்பியாக வேண்டும். அரசின் பாரத்கோஷ் இணையதளத்தில் கட்டி ரசீதை யூசியோடு இணையுங்கள்.