ரோயிங்ல கால் தள்றதுக்கு முன்னாடியே முதுகு எழுந்துடுதா?

இழுக்கறப்போ கால், உடம்பு, கை. திரும்பி முன்னாடி போறப்போ கை, உடம்பு, கால். இந்த வரிசை எல்லாருக்கும் வாயில வரும், ஆனா மெஷின்ல உக்காந்து ஹேண்டில புடிச்சதும் முதுகும் கையும்தான் முந்திக்கும், புடிச்சிருக்கறது கையாலதானே, அதனால இழுக்கணும்னு தோணிடும்.

கால்ல ஏன் ஆரம்பிக்கணும்னா, துடுப்பு தண்ணில இறங்கற அந்த கேட்ச் சமயத்துலதான் படகோட வேகம் ரொம்ப குறைஞ்சு கிடக்கும், மெஷின்ல சக்கரமும் அப்போதான் மெதுவா சுத்திட்டிருக்கும், அதாவது நகர்த்த கஷ்டமான நேரமே அதுதான். அந்த பாரத்தை தூக்கற அளவு பெரிய தசை தொடைலயும் புட்டத்துலயும்தான் இருக்கு. அந்த நேரத்துல முதுகோட வேலை இழுக்கறது இல்ல, முன்னாடி சாய்ஞ்ச நிலைல அப்படியே இறுகி நின்னு காலோட பலத்தை ஹேண்டிலுக்கு கொண்டு போறது. கை ரெண்டும் நீட்டின கயிறு மாதிரி, அவ்ளோதான்.

அதிகமா பாக்கற தப்பு, முழங்கால் இன்னும் மடங்கியே இருக்க தோள் பின்னாடி போயிடறது. பெரிய பாரம் முழுக்க கீழ் முதுகுல விழும், அப்புறம் கால் நீட்றப்போ தள்ள ஒண்ணும் மிச்சம் இருக்காது. கொஞ்ச நேரத்துலயே கீழ் முதுகு புடிச்சுகிட்டு தொடை மட்டும் ஃப்ரெஷ்ஷா இருந்தா இதைத்தான் சந்தேகப்படணும்.

இதை திருத்தறேன்னு போய் இன்னொரு தப்புல மாட்டறவங்களும் உண்டு. கால் வேகமா தள்ளும், சீட் பின்னாடி ஓடும், ஹேண்டில் அங்கயே நிக்கும். சீட் 20 செ.மீ. போயிருக்கு, ஹேண்டில் 8 செ.மீ.தான் வந்திருக்குன்னு வெச்சுக்கோங்க, மீதி 12 செ.மீ. எங்க போச்சு? இடுப்பு தளர்ந்து உடம்பு இன்னும் முன்னாடி மடங்கிடுச்சு, கால் போட்ட உழைப்புல பாதிக்கு மேல ஹேண்டிலுக்கு வந்து சேரவே இல்ல. டிரைவ்ங்கற இழுக்கற கட்டத்தோட முதல் பாதில சீட்டும் ஹேண்டிலும் ஒரே அளவு நகரணும், பக்கவாட்டுல வீடியோ எடுத்து மெதுவா ஓட்டிப் பாத்தா உடனே தெரிஞ்சிடும்.

முழங்கையை சீக்கிரம் மடக்கறதும் இதே கதைதான், முன்கை சீக்கிரம் களைச்சுடும், கடைசில இழுக்க நீளமும் இருக்காது.

நிமிஷத்துக்கு 18 ஸ்ட்ரோக் வேகத்துல, உடம்பை முன்னாடி சாய்ச்சபடியே வெச்சு கையும் மடக்காம, கால் மட்டும் வெச்சு 10 ஸ்ட்ரோக் போடுங்க. அடுத்த பத்துல கால் கிட்டத்தட்ட நீண்டதும் உடம்பை சேருங்க, அதுக்கப்புறம் கையையும். கால்மட்டும் போடறப்போ பாதம் பலகைல நல்லா அழுந்தறதும் அக்குள் பக்கத்துல பின்னாடி ஒரு இழுவையும் ஒரே நேரத்துல தெரியணும், பாதத்துல மட்டும் தெரிஞ்சா சீட்தான் ஓடிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஒண்ணு, இந்த பயிற்சில பழகினதை அப்படியே வெச்சுகிட்டு கால், நிறுத்தம், உடம்பு, நிறுத்தம், கைன்னு துண்டு துண்டா போடாதீங்க. முழு ஸ்ட்ரோக்ல ஒண்ணு முடியற நேரத்துல அடுத்தது ஏற்கனவே தொடங்கியிருக்கும், ஹேண்டில் முழங்கால் கிட்ட வர்றப்போ உடம்பு பின்னாடி சாய ஆரம்பிச்சிருந்தா சரி.