மீட்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைக்காதீர்கள்

டொமைன் பதிவு நிறுவனத்தில் கணக்குத் தொடங்கும்போது நாம் கொடுக்கும் மின்னஞ்சல் முகவரிதான் அந்தக் கணக்கின் உண்மையான சாவி. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அந்த முகவரிக்கே வருகிறது என்பதால், எவ்வளவு கடினமான கடவுச்சொல்லை வைத்தாலும், அந்த அஞ்சல்பெட்டி யார் கையில் இருக்கிறதோ அவர் கையில்தான் டொமைனும் இருக்கும்.

சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்புற ஊரில், முறுக்கும் அதிரசமும் செய்து இணையத்தின் வழி விற்கும் ஒரு குடும்பக் கடையை எடுத்துக்கொள்வோம். அதன் டொமைன் example.com என்றும், பதிவுக் கணக்கில் உள்ள முகவரி info@example.com என்றும் வைத்துக்கொள்வோம். தொழில்முறையாகத் தெரிகிறது என்பதற்காகப் பலரும் இப்படித்தான் கொடுக்கிறார்கள். மிகப் பெரிய தவறும் இதுவே.

ஆர்டர்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில் வருவதால் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. .com டொமைன்களுக்கு, காலாவதிக்குச் சுமார் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்பது, டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் விதி. அவ்விரு கடிதங்களும் படிக்கப்படாமல் கிடக்கின்றன. வங்கி புதிய அட்டை கொடுத்துவிட்டதால் தானியங்கிப் புதுப்பிப்பும் தோல்வியடைகிறது. டொமைன் காலாவதியானபின் பதிவு நிறுவனம் அதைத் தன் விளம்பரப் பக்கத்துக்குத் திருப்புகிறது. அத்துடன் அந்த டொமைனுக்கு வரும் மின்னஞ்சலும் நின்றுபோகிறது. இப்போது பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்ற முயன்றால், இணைப்பு இயங்காத info@example.com முகவரிக்கே செல்கிறது. பணம் கையில் இருந்தும் கணக்குக்குள் நுழைய வழியில்லை.

இந்த நிலையில் நாட்கள் முக்கியம். காலாவதிக்குப் பின் வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க .com டொமைனுக்கு அதிகபட்சம் 45 நாட்கள் கிடைக்கலாம். ஆனால் அது உரிமையன்று, நிறுவனம் முன்கூட்டியே நீக்கவும் ஏலம் விடவும் கூடும். நீக்கப்பட்டபின் 30 நாட்கள் மீட்புக்காலம், அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அது முடிந்தபின் வரும் கடைசி 5 நாட்களில் எவராலும் மீட்க முடியாது. டொமைன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை lookup.icann.org தளத்தில் கணக்குக்குள் நுழையாமலேயே பார்க்கலாம்: redemptionPeriod என்றிருந்தால் இன்னும் வழியுண்டு, pendingDelete மட்டும் இருந்தால் இல்லை. .my டொமைன்களை மைனிக் நிர்வகிக்கிறது; அவற்றின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

ஆவணங்களைக் காட்டி மீட்கலாமே என்று கேட்கலாம். பதிவு நிறுவனத்தின் உதவிப் பிரிவு பொதுவாக அடையாள அட்டையையும் எஸ்எஸ்எம் வணிகப் பதிவுச் சான்றையும் கேட்கும். அவற்றிலுள்ள பெயர் டொமைனின் உரிமையாளர் பெயரோடு ஒத்துப்போக வேண்டும். தளத்தை வடிவமைத்துக் கொடுத்த தம்பியின் பெயரே அங்கு இருந்தால், கடைக்காரரின் சான்றுகள் எதுவும் செல்லாது. தம்பி நல்லவர்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் எண்ணை மாற்றிவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே யோசித்து, உரிமையாளராகக் கடையின் பெயரை எழுதச் சொல்வதே நல்லது.

மாற்றும் முறையில் வரிசை முக்கியம். முதலில், இந்த டொமைனைச் சாராத ஒரு மின்னஞ்சலைத் தொடங்கி, அதற்கு இரட்டைச் சரிபார்ப்பை அமைத்து, அதன் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதிக் கடையின் கணக்குப் புத்தகத்தோடு பூட்டி வைக்க வேண்டும். பிறகே பதிவுக் கணக்கில் முகவரியை மாற்ற வேண்டும். உரிமையாளர் முகவரி மாறினால் உறுதிப்படுத்தும் கடிதம் ஒன்று வரும். 15 நாட்களுக்குள் அதிலுள்ள இணைப்பை அழுத்தாவிட்டால் டொமைன் இடைநிறுத்தப்படலாம். இந்தக் கடிதத்தை விளம்பரம் என்று நினைத்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு.

புதிய மின்னஞ்சலுக்கே மீட்பு வழி என்ன என்பதையும் பாருங்கள். அங்கே info@example.com இருந்தால் பழைய வட்டம் திரும்பி வந்துவிட்டது என்று பொருள். பிரீபெய்ட் எண் இருந்தால், ரீலோட் செய்யாமல் காலாவதியான அந்த எண் வேறொருவருக்குப் போகக்கூடும். சரிபார்ப்புக் குறியீடும் அவருக்கே போகும். அதனால் குறுஞ்செய்தியைவிட, கைத்தொலைபேசியில் இயங்கும் அங்கீகாரச் செயலியையே நான் பரிந்துரைப்பேன்.

அஞ்சல்பெட்டியில் யாராவது நுழைந்திருக்கிறார்களா என்பதை அறிய, அமைப்புகளில் முன்னனுப்பல் முகவரிகளையும் வடிகட்டிகளையும் திறந்து பாருங்கள். பதிவு நிறுவனத்தின் கடிதங்களை நேராகக் குப்பைக்கு அனுப்பும் வடிகட்டி ஒன்று, நீங்கள் வைக்காமலேயே அங்கு இருந்தால், உடனே அதை நீக்கிக் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேற்றி, அதன் பிறகு பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். முதலில் பதிவுக் கணக்கை மாற்றினால், நுழைந்தவர் அந்த அஞ்சல்பெட்டி வழியாகவே அதை மீண்டும் மாற்றிவிடுவார்.