ஃபயர் பாலிசில எது வராதுன்னு மொதல்ல பாருங்க
கடைக்கு ஃபயர் இன்சூரன்ஸ் எடுக்கறவங்க எக்ஸ்க்ளூஷன்னு போட்டிருக்கற பக்கத்த கட்டாயம் படிங்க, எதுக்கெல்லாம் காசு தர மாட்டோம்ங்கறது அதுலதான் இருக்கும். உதாரணத்துக்கு ஃப்ரிட்ஜ் ஷார்ட் சர்க்யூட் ஆகி தீப்பிடிச்சு பக்கத்து ரேக்ல இருக்கற சரக்கும் எரிஞ்சு போச்சுன்னு வைங்க, நெறைய பாலிசில தீ பரவி எரிஞ்ச சரக்குக்கு க்ளைம் உண்டு ஆனா ஷார்ட் ஆன அந்த ஃப்ரிட்ஜுக்கு கெடையாது. அதுக்குத் தனியா கவர் சேர்க்கணும். தீ எங்க ஆரம்பிச்சதுன்னு, சேதத்த கணக்குப் பாக்க இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பற சர்வேயர் பாப்பாரு, அதனால அவர் வர்றதுக்குள்ள எரிஞ்ச ஃப்ரிட்ஜ தூக்கிப் போட்றாதீங்க. இன்னொன்னு, தீப்பிடிச்ச சமயத்துல யாராவது சரக்க திருடிட்டுப் போனாலும் சில பாலிசில வராது, இத ஏஜென்ட் கிட்ட வாய்ல கேக்காம பாலிசில எந்த வரில இருக்குன்னு காட்டச் சொல்லுங்க.