ஐந்து சீட்டும் ஒட்டியே

போன முறை வண்ணாரப்பேட்டையிலிருந்து ஐந்து பேராகப் படத்துக்குப் போனோம். மச்சான் அனுப்பிய சீட் மேப் ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து F6 முதல் F10 வரை எடுத்தேன். எண்கள் தொடர்ந்துதான் இருந்தன, ஆனால் 8-க்கும் 9-க்கும் நடுவில் நடைபாதை. அம்மாவும் பாப்பாவும் அந்தப் பக்கம் தனியாக. எனக்கு மனசே ஆறவில்லை.

இந்த முறை மச்சான் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு நடுவே எங்கே இடைவெளி என்று முதலில் பார்த்தேன். அப்புறம் திரை எந்தப் பக்கம் என்று. `Screen` கீழே இருந்ததால் மேல் வரிசைதான் கடைசி. பின்னாலிருந்து நாலாவது வரிசை, நடுப்பகுதியில் ஐந்து ஒட்டிக் கிடந்தன. ஓர சீட் முழங்கால் வலிக்கிற அம்மாவுக்கு.

ஸ்கிரீன்ஷாட் சீக்கிரம் பழசாகிவிடும். மச்சானுக்குப் போன் போட்டேன்.

“மாமா, அதுல ரெண்டு போயிடுச்சு.”

“சரி, பின் வரிசையில அதே நம்பர் பாரு.”

ஐந்தும் கிடைத்தது.