சிவில் வழக்கில் அழைப்பாணை வந்தால் என்ன செய்வது?

வழக்கு என்றதும் எங்கட ஆக்கள் பலருக்கு பொலிஸும் விளக்கமறியலும்தான் நினைவுக்கு வரும். காசுக்கோ காணிக்கோ ஒருவர் போடும் சிவில் வழக்கில் அழைப்பாணை வந்தால் அதைப் பெற்றதற்காக யாரும் உங்களைப் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை. அதனால்தானோ என்னவோ, நிறையப் பேர் அதை மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். பிறகு வரும் வில்லங்கம் எல்லாம் அந்த லாச்சியில்தான் தொடங்குகிறது.

விளங்குவதற்காக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். கொக்குவிலில் ஒருவர் வீடு கட்டுகிறார். கொந்தராத்துக்காரர் வேலையை முடித்துவிட்டு 9 இலட்சம் ரூபா பாக்கி என்கிறார். வீட்டுக்காரரோ அதில் 4 இலட்சத்தை வங்கி மூலம் போட்டாகிவிட்டது, கூரை ஒழுகுகிறது, அதைத் திருத்த 3 இலட்சம் செலவாகும் என்கிறார். அதாவது அவர் கணக்கில் மிச்சம் 2 இலட்சம்தான். கொந்தராத்துக்காரர் முழு 9 இலட்சத்துக்கும் வட்டியோடு யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடுகிறார்.

அழைப்பாணை வழமையாக முதலில் பதிவுத் தபாலில் வரும். அது சரிவராவிட்டால், அல்லது தபாலில் கிடைத்தும் நீங்கள் போகாவிட்டால், பிஸ்கால் உத்தியோகத்தரோ கிராம சேவகரோ நேரில் கொண்டுவருவார். "நான் கையெழுத்து வைக்கமாட்டேன்" என்று கதவைச் சாத்துவதில் பலன் இல்லை, உங்களிடம் நீட்டினாலே சேர்ப்பித்ததாக எடுத்துக்கொள்ளலாம். ஆளையே பிடிக்க முடியவில்லை என்றால் நீதிமன்றத்தின் அனுமதியோடு வீட்டுக் கதவில் ஒட்டிவிட்டுப் போகவும் வழி இருக்கிறது.

முதல் வேலை: கடித உறையை எறியாதீர்கள். கிடைத்த திகதியை அதிலேயே பேனையால் எழுதி வையுங்கள். பிறகு அழைப்பாணையில் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன, எந்தத் திகதி. நீதிமன்றம் யாழ்ப்பாணமா, மல்லாகமா, பருத்தித்துறையா, சாவகச்சேரியா என்று பார்க்காமல் வேறு இடத்துக்குப் போய் நிற்பவர்களும் உண்டு. கூடவே வழக்குரையின் பிரதி இணைத்திருக்க வேண்டும். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது, எவ்வளவு கேட்கிறது என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அது இல்லாவிட்டால் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள், நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி எடுக்கலாம். இணக்க சபையில் இருந்து வரும் கடிதம் வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு "அங்க ஏற்கனவே போய்ட்டு வந்தனான்தானே" என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாவது: சட்டத்தரணியிடம் திகதிக்கு முன்பே போங்கள். அன்றைக்குக் காலையில் நீதிமன்ற வாசலில் ஆள் பிடிப்பது கடைசி வழி. கொக்குவில்காரர் கொண்டுபோக வேண்டியவை ஒப்பந்தம், வங்கிக் கூற்று, கொடுத்த காசுக்கான பற்றுச்சீட்டு, கூரை ஒழுகும் படங்கள், கொந்தராத்துக்காரரோடு வந்துபோன வாட்ஸ்அப் செய்திகள். சட்டத்தரணி உங்களிடம் புறொக்சியில் கையெழுத்து வாங்குவார். உங்களுக்காக அவர் தோன்றுவதற்கான அதிகாரம் அதுதான். வசதி இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்தில் விசாரிக்கலாம்.

மூன்றாவது: அன்றைய தினம். வழக்கு கூப்பிடும்போது சட்டத்தரணி புறொக்சியைக் கொடுத்து மறுமொழி போடத் திகதி கேட்பார். முதல் நாளே சாட்சி விசாரணை நடக்கும் என்று பயந்து நடுங்கத் தேவையில்லை. ஆனால் அடுத்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள், அவகாசம் முடிவில்லாமல் கிடைக்காது.

நான்காவது: மறுமொழி. வழக்குரையின் ஒவ்வொரு பந்திக்கும் ஏற்கிறோமா மறுக்கிறோமா என்று எழுத்தில் சொல்வதுதான் இது. கொக்குவில்காரர் ஒப்பந்தம் நடந்ததை ஏற்று, 9 இலட்சம் பாக்கி என்பதை மறுத்து, 4 இலட்சம் கட்டியதைச் சொல்வார். கூரைக்கான 3 இலட்சத்தை எதிர்க்கோரிக்கையாகவும் அதிலேயே கேட்கலாம். உங்கள் காசையும் அதே வழக்கில் கேட்கக் கிடைக்கும் இடம் இது என்பதால், மறுமொழியை வெறும் "இல்லை, இல்லை" என்று முடிக்கும் சட்டத்தரணி எனக்குப் பிடிக்காது.

இடையில் ஒன்று. அழைப்பாணை கிடைத்த கையோடு எதிர்த்தரப்புக்கு ஃபோன் எடுத்தால் "நீ ஒண்டுக்கும் யோசியாத, நான் வழக்கைக் கைவாங்கிறன்" என்று சொல்லக்கூடும். சொந்தக்காரர் என்றால் இன்னும் இனிப்பாகச் சொல்வார். சமாதானமாகப் போவது நல்லதுதான், ஆனால் அது நீதிமன்றப் பதிவில் ஏறும்வரை வழக்கு உயிரோடுதான் இருக்கிறது, அந்தத் திகதிக்கு நீங்கள் தோன்றத்தான் வேண்டும்.

சரி, கொக்குவில்காரர் "காசு கட்டினதுக்கு ஆதாரம் இருக்கு, வழக்கு நிக்காது" என்று வீட்டிலேயே இருந்துவிட்டால்? மறுமொழி இல்லை, ஆள் இல்லை என்றதும் வழக்கு ஒருதலைப்பட்ச விசாரணைக்குப் போகும். கொந்தராத்துக்காரர் சத்தியக்கடதாசி மூலமோ வாய்மொழியாகவோ சாட்சி சொல்வார். அவரை யாரும் குறுக்கு விசாரணை செய்யமாட்டார்கள். 4 இலட்சம் வங்கியில் போன கதை நீதிபதியின் காதுக்கு எட்டவே எட்டாது. உங்கள் ஆதாரம் லாச்சிக்குள், தீர்ப்பு 9 இலட்சத்துக்கு.

அதன் பிறகு அந்தத் தீர்ப்பாணையின் பிரதி உங்களுக்கு வரும். இங்கேதான் பலர் இரண்டாம் தடவை கோட்டை விடுகிறார்கள். அது கிடைத்து 14 நாளுக்குள், குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 86ஆம் பிரிவின்படி, அதே நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக்கடதாசியும் போட்டு அதை நீக்கக் கேட்க வேண்டும். நேரே மேன்முறையீட்டுக்கு ஓட முடியாது, ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு எதிராக மேன்முறையீடு இல்லை. நீக்க மறுக்கும் கட்டளைக்கு எதிராகத்தான் மேலே போகலாம். 14 நாள் என்பதை நீதிமன்றங்கள் மிகக் கறாராகப் பார்க்கின்றன.

அந்த விசாரணையில் "நான் காசு கட்டிவிட்டேன்" என்று சொல்லிப் பயனில்லை. அங்கே கேட்கும் கேள்வி ஒன்றுதான்: அன்றைக்கு ஏன் வரவில்லை? அழைப்பாணை கிடைக்கவே இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தேன் போன்ற நியாயமான காரணமும் அதற்கான சான்றும் வேண்டும். "வழக்கு நிக்காது என்று நினைச்சன்" என்பது காரணம் ஆகாது.

அதுவும் தவறினால் தீர்ப்பாணையை நிறைவேற்ற எழுத்தாணை எடுப்பார்கள். பிஸ்கால் வந்து அசையும் பொருட்களையும், தேவைப்பட்டால் காணியையும் கைப்பற்றி ஏலத்தில் விற்கலாம். தீர்ப்பாணைத் திகதியில் இருந்து 10 வருடம்வரை இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒரு வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று நிம்மதியாக இருக்க முடியாது.

இதெல்லாம் சாதாரண முறையில் போடும் வழக்குக்கு. காசோலை, வாக்குறுதிச் சீட்டு, வங்கிக் கடன் போன்றவற்றுக்குச் சுருக்க முறையும் விசேட சட்டமும் இருக்கின்றன. அவற்றில் எதிர்வாதம் செய்யவே முதலில் நீதிமன்றத்தின் அனுமதி எடுக்க வேண்டும், அவகாசமும் குறைவு. பாகப்பிரிவினை வழக்குக்கும் தனிச் சட்டம். ஆகவே பக்கத்து வீட்டு வழக்கில் நடந்ததை வைத்து உங்கள் வழக்கைக் கணக்குப் போடாதீர்கள்.

வீட்டுக்காரர் கனடாவிலோ பிரான்ஸிலோ இருக்க, அவர் பெயருக்கு வந்த அழைப்பாணை ஊர் வீட்டுக் கதவில் ஒட்டியிருந்தால், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அதைக் கிழிக்காமல் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அன்றைக்கே அனுப்ப வேண்டும். அவர் அங்கிருந்தே அற்றோணித் தத்துவம் அனுப்பி, இங்குள்ள ஒருவர் மூலம் சட்டத்தரணியை நியமிக்கலாம். அந்தப் பத்திரம் வந்து சேர நாள் எடுக்கும் என்பதால், அதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியிடம் வழக்கு இலக்கத்தையும் திகதியையும் கொடுத்து வைப்பது நல்லது.