பால் டின்னை வாசலுக்குக் கொண்டுவருவது எப்படி: சிறிய கிடங்கில் சரக்குக்கு இடம் பிரித்தல்

சுங்கை சிப்புட்டில் நான் பார்த்துக்கொள்ளும் கிடங்கிலிருந்து சுற்றுவட்டாரத் தோட்டக் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் சரக்கு போகிறது. லோரியில் ஏற்றும் வாசல் ஒன்றுதான். அங்கிருந்து கடைசி ரேக் வரை 40 மீட்டர். எந்த இடம் காலியோ அங்கே சரக்கை இறக்கிவைத்துப் பழகியிருந்தோம். ஒருநாள், பொருள் எடுக்கும் அக்கா, “தம்பி, இந்தப் பால் டின்னுக்காகவே பாதி நாள் நடக்கிறேன்” என்றார். அதன் பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.

முதலில் நடையை எண்ணுங்கள்

அதிகம் விற்கும் பொருளை முன்னால் வைத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் எண்ண வேண்டியது மூட்டைகளையோ பணத்தையோ அல்ல, ஒரு பொருளை எடுக்க எத்தனை தடவை போகிறோம் என்பதைத்தான். டெலிவரி ஆர்டரில் ஒரு பொருளுக்கு ஒரு வரி இருந்தால், அது ஒரு நடை.

நான்கு வாரத்து டெலிவரி ஆர்டர்களை எடுத்து, ஒவ்வொரு வரியின் பொருள் குறியீட்டையும் எக்செலில் A பத்தியில் இடுங்கள். D பத்தியில் ஒவ்வொரு பொருளின் குறியீட்டையும் ஒருமுறை மட்டும் எழுதி, பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=COUNTIF(A:A,D2)
```

தீபாவளிக்கு முந்தைய வாரங்களை எடுக்க வேண்டாம். முறுக்கு மாவும் நெய்யும் மேலே ஏறி, ஆண்டு முழுவதற்குமான வரிசையைக் கெடுத்துவிடும்.

எங்கள் கணக்கில் அரிசி 600 மூட்டை போயிருந்தது, ஆனால் 24 வரிதான். ஒவ்வொரு தடவையும் ஒரு பேலட்டாகவே போகிறது. தே தாரேக்குக்கு ஊற்றும் கெட்டிப்பால் 310 பெட்டிதான், ஆனால் 140 வரி. சின்னக் கடைகள் இரண்டு மூன்று பெட்டியாகவே கேட்கின்றன. வாசலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது அரிசி அல்ல, கெட்டிப்பால்.

அடுத்து தூரத்தைப் பெருக்குங்கள்

கெட்டிப்பால் வாசலிலிருந்து 36 மீட்டரில் இருந்தது. போய்வர 72 மீட்டர், 140 தடவைக்கு 10,080 மீட்டர். வாசலிலிருந்து 8 மீட்டரில், நான்கு வாரத்தில் 6 தடவை மட்டுமே கேட்கப்பட்ட தள்ளுவண்டி டயர் இருந்தது. இரண்டையும் இடம் மாற்றினால் பாலுக்கான நடை 2,240 மீட்டராகக் குறைகிறது. டயருக்கான நடை 96 மீட்டரிலிருந்து 432 ஆகக் கூடுகிறது. மொத்தத்தில் 7,504 மீட்டர் மிச்சம்.

இந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரே நடையில் ஐந்தாறு பொருளைத் தள்ளுவண்டியில் சேர்த்து எடுத்தால் உண்மையான மிச்சம் இதைவிடக் குறைவு. எதை முதலில் மாற்றலாம் என்று வரிசைப்படுத்தவே இந்தக் கணக்கு. இன்னொன்று: ஒரு ஆர்டரில் ஒரே ஒரு பொருள் பின்னால் இருந்தாலும் அங்கே போய்த்தான் ஆகவேண்டும். அதனால் பாலோடு எப்போதும் சேர்ந்து வரும் சீனியையும் தேயிலையையும் அதன் பக்கத்திலேயே வைத்தோம்.

இடத்தையும் பாருங்கள்

வாசலோரம் இடம் குறைவு. பிஸ்கட் பெட்டி அடிக்கடி போகிறது, ஆனால் அடைக்கும் இடமும் அதிகம். அதனால் ஒரு பொருள் பிடிக்கும் இடத்தை அதன் வரி எண்ணிக்கையால் வகுங்கள். விடை சிறிதாக இருப்பதற்கே முன்னிடம். அமெரிக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் ஹெஸ்கெட் 1963இல் எழுதிய முறையின் அடிப்படை இதுதான். இரண்டு மூன்று நாள் சரக்கை மட்டும் முன்னால் வைத்து, மீதியைப் பின்னால் வைத்தால் அதே வாசலோரத்தில் இன்னும் பல பொருள்களுக்கு இடம் கிடைக்கும். ஆனால் காலையில் ஆர்டர் எடுக்கத் தொடங்கும் முன்பே முன்னிடத்தை நிரப்பியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் பின்னால் ஓடவேண்டி வரும், மிச்சப்பட்டதெல்லாம் போய்விடும்.

சரி, எந்தத் தட்டில் வைப்பது? அடிக்கடி எடுப்பதை இடுப்புக்கும் தோளுக்கும் இடையே வையுங்கள். கனமானது மட்டும் கீழே இருக்கட்டும்.

மாற்றும்போது

கிடங்கு மூடியிருக்கும் நாளில் மாற்றுங்கள். ரேக் லேபிளையும் கணினியில் உள்ள இட எண்ணையும் அன்றே மாற்றிவிட வேண்டும். நாங்கள் லேபிளை மறுநாளுக்குத் தள்ளிப்போட்டதால், மறுநாள் காலை அக்கா பாலைத் தேடி டயர்களுக்கு முன்னால் நின்றார். அப்புறம், கெட்டிப்பாலையும் சூசு சாயரையும் அடுத்தடுத்து வைத்ததும் தவறு. டின்கள் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி ஏற்றிவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் சீனியை வைத்த பிறகு அது நின்றது.

வேகமாகப் போகும் எல்லாவற்றையும் ஒரே ரேக்கில் குவிக்காதீர்கள். இரண்டு பேர் ஒரே சந்தில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நிற்பார்கள். வாசலின் இரு பக்கமும் பிரித்துவையுங்கள்.

மாற்றுவதற்கு முன்பே 20 வரி ஆர்டர்கள் சிலவற்றுக்கு ஆகும் நேரத்தைக் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் கழித்து அதே அளவு ஆர்டர்களை மறுபடி குறியுங்கள். நேரம் குறையவில்லை என்றால் முதலில் அந்தச் சந்தில் போய் நின்று பாருங்கள், யாராவது காத்து நிற்கிறார்களா என்று.