பூஜை அலமாரியில் கரி படிவது எப்படிக் குறைந்தது

சுவாமி அலமாரியின் மேல்பலகையில் கரி படிந்தால் எண்ணெயை மாற்றுவதற்கு முன் திரியைப் பாருங்கள். எங்கள் வீட்டில் நல்லெண்ணெய் விளக்கின் திரி ஒரு விரற்கடைக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தது. நீண்ட திரி அதிக எண்ணெயை ஆவியாக்கும். அத்தனைக்கும் காற்று போதாமல் பாதி எரிந்த கார்பன் நுண்துகளாக வெளியேறும். சுடர் உயரமாகி நுனி ஆடினால் அதுதான் அடையாளம்.

திரியை 4, 5 மில்லிமீட்டர் மட்டும் வெளியே விட்டு, கருகிய நுனியைத் தினமும் கிள்ளினேன். சுடருக்கு ஒரு சாண் மேலே எவர்சில்வர் தட்டைச் சிறிது நேரம் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். நெய்த்திரிக்கும் இதே கணக்குதான்.

விளக்கைக் குளிர வைக்கும்போது எழும் வெள்ளைப் புகையும் நுண்துகள்தான். திரியைக் குச்சியால் எண்ணெய்க்குள் இழுத்துவிட்டால் புகை எழாது.

கற்பூரம் தனி ரகம். அதற்குத் திரியே கிடையாது, குறைக்க வழியில்லை. வேகமாக ஆவியாகிக் கரும்புகையோடுதான் எரியும். வில்லையில் கால்பங்கை ஜன்னலோரம் ஏற்றுகிறோம். சாம்பிராணிக்கும் அங்கேதான் இடம்.

கரி தெரியாத சுடரும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை விடும். அதனால் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனை விளக்கு எரியும்போதும், அணைந்து அரைமணி நேரம் வரையும் ஓட விடுகிறோம். எதிர்ப்பக்க ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காற்று சுடர்மேல் நேராக வீசினால் மறுபடி புகையும்.